நாட்டின் பரப்பளவு: ஏரியைச் சேர்ப்பதா, கடலையும் சேர்ப்பதா?

இந்தியாவின் பரப்பளவு 32,87,263 சதுர கிலோமீட்டரா, 29,73,190 சதுர கிலோமீட்டரா என்று குன்னூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருந்தார். கோத்தகிரியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவர், உலகின் பெரிய நாடுகளை வரிசைப்படுத்தி வகுப்பறைச் சுவருக்கு ஓர் அட்டை தயாரிக்கிறார்; மூன்றாம் இடத்தில் சீனாவை எழுதுவதா அமெரிக்காவை எழுதுவதா என்பது முடிவாகாததால் அட்டை பாதியில் நிற்கிறது. கூடலூரிலிருந்து வந்த கேள்வி காடு பற்றியது. இந்தியாவில் காட்டின் பங்கு ஓர் அறிக்கையில் 21.76 விழுக்காடு என்றும், மற்றோர் அறிக்கையில் 24 விழுக்காட்டுக்கு மேல் என்றும் இருக்கிறது. எதை நம்புவது என்கிறார் அந்த வாசகர்.

மூன்று கேள்விகளுக்கும் வேர் ஒன்றே. ஒரு நாட்டின் பரப்பளவை நிலத்தை மட்டும் எண்ணியும் சொல்லலாம்; நிலத்தோடு ஏரி, ஆறு, நீர்த்தேக்கம் ஆகியவற்றைச் சேர்த்தும் சொல்லலாம்; அதற்கும் மேலே கரையோரக் கடலைச் சேர்த்தும் சொல்லலாம். மூன்று வகை எண்களும் அச்சில் உலவுகின்றன. பெரும்பாலான அட்டவணைகள் தாம் எந்த வகையைச் சேர்ந்தவை என்பதை அடிக்குறிப்பில்தான் சொல்கின்றன. அங்கிருந்து எண்ணை எடுத்து எழுதுபவர்கள் அடிக்குறிப்பை விட்டுவிடுகிறார்கள்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், இந்தப் பரப்பளவைக் கொண்டு நீங்கள் எதை வகுக்கப் போகிறீர்கள் அல்லது எதோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பது. மக்கள் நிலத்தில் வாழ்கிறார்கள். காடும் சாகுபடியும் நிலத்தில் இருக்கின்றன. மீன்பிடி உரிமை நீரில் இருக்கிறது. மேலே வரும் பொருள் எதில் இருக்கிறதோ, அதுவே கீழே வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒப்பிடப்படும் எல்லா நாடுகளுக்கும் ஒரே விதி பின்பற்றப்பட்டிருக்கிறதா என்பது. மூன்றாவது, நாட்டின் எல்லை மாறாதபோது எண்ணும் மாறாமல் நிற்கிறதா என்பது. நான்காவது, அந்த எண் உண்மையில் அளந்து பெறப்பட்டதா, அல்லது வேறு எண்களிலிருந்து கழித்துப் பெறப்பட்டதா என்பது. என் கணிப்பில் இரண்டாவதே எல்லாவற்றிலும் கனமானது. பரப்பளவு குறித்த பெரும்பாலான சச்சரவுகள் அங்கேதான் பிறக்கின்றன.

மலைவாசிகளுக்கு வரக்கூடிய ஒரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மூன்று வகையிலும் அளக்கப்படுவது மேலிருந்து பார்க்கும்போது தெரியும் கிடைமட்டப் பரப்புதான். முப்பது பாகை சரிவில் அமைந்த தேயிலைத் தோட்டத்தின் மேல் நடந்து அளந்தால் கிடைக்கும் 100 சதுர மீட்டர், கணக்கில் ஏறக்குறைய 87 சதுர மீட்டராகவே ஏறும். நீலகிரிக்கும் இமயமலைக்கும் சலுகை எந்த வகையிலும் இல்லை.

## முதல் வழி: நிலம் மட்டும்

உலக வங்கியும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் தரும் ‘நிலப்பரப்பு’ என்பது உள்நாட்டு நீர்நிலைகளைக் கழித்த எண். கழிக்கப்படுவது பெரும்பாலும் பெரிய ஆறுகளும் ஏரிகளும் மட்டுமே. இந்தியாவுக்கு 29,73,190 ச.கி.மீ. என்பது இந்த வகை.

மக்கள் அடர்த்திக்கும் காட்டின் பங்குக்கும் சாகுபடிப் பரப்பின் பங்குக்கும் இதுவே பொருத்தமானது. நெதர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 41,500 ச.கி.மீ.; அதில் நிலம் சுமார் 33,700 மட்டுமே. 2016-இல் அந்நாட்டின் மக்கள்தொகை 1.7 கோடியை எட்டியபோது, மொத்தப் பரப்பால் வகுத்தால் ச.கி.மீ.க்கு சுமார் 410 பேர். நிலத்தால் வகுத்தால் சுமார் 505 பேர். அங்கே தெருக்களிலும் வீடுகளிலும் உணரப்படும் நெருக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது எண்தான்.

இதன் மறைமுகச் செலவு, ‘நீர்நிலை’ என்பதை எங்கே வெட்டுவது என்ற முடிவில் இருக்கிறது. ஐக்கிய இராச்சியத்தின் புள்ளியியல் அலுவலகம், ஒரு ச.கி.மீ.க்கு மேற்பட்ட நீர்நிலைகளை மட்டுமே நிலத்திலிருந்து கழிக்கிறது. கொடைக்கானல் ஏரி சுமார் 60 ஏக்கர், ஒரு ச.கி.மீ. என்பதோ 247 ஏக்கர். அந்த விதியை இங்கே கொண்டுவந்தால், படகுவிடும் அந்த ஏரி முழுவதும் நிலமாகவே எண்ணப்படும். தமிழ்நாட்டின் ஊர்க் குளங்களும் கண்மாய்களும் தனித்தனியே சிறியவையாகவும் சேர்ந்தால் பெரியவையாகவும் இருப்பதால், வெட்டும் அளவை எங்கே வைக்கிறோம் என்பதற்கேற்ப நிலப்பரப்பு கணிசமாக ஏறி இறங்கும்.

பருவமும் ஒரு சிக்கல். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி நீர்த்தேக்கங்களைக் கோடையில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நீர் இறங்கியதும் கரையைச் சுற்றிச் செம்மண் பட்டை ஒன்று வெளியே வருகிறது. அடுத்த மழைக்கு அது மறைந்துவிடுகிறது. அந்தப் பட்டை நிலமா, நீரா? முழுக் கொள்ளளவின் கோட்டை எல்லையாக வைத்தால் நீர். செயற்கைக்கோள் படம் எடுக்கப்பட்ட நாளின் நிலையை வைத்தால் அது எடுத்த மாதத்தைப் பொறுத்தது. நாட்டளவில் இவ்வித வேறுபாடு பெரும்பாலும் சிறியதே. ஆனால் ஏரல் கடல் போன்ற இடங்களில் அது சிறியதாக இல்லை. 1960-இல் ஏறக்குறைய 68,000 ச.கி.மீ. இருந்த அந்த உப்பேரி, அரை நூற்றாண்டுக்குள் அதில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் எல்லை மாறாமலே நிலம் கூடியது.

இந்தியாவின் எண்ணில் இன்னொரு புதிர் இருக்கிறது. 32,87,263-க்கும் 29,73,190-க்கும் இடையிலான வேறுபாடு சுமார் 3,14,000 ச.கி.மீ.; பன்னாட்டு அட்டவணைகள் இதை ‘உள்நாட்டு நீர்’ என்று எழுதுகின்றன. அதாவது நாட்டின் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. இஸ்ரோவின் அகமதாபாத் மையம் 2011-இல் வெளியிட்ட தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆறு, ஏரி, அணை, குளம், கழிமுகம், அலையாத்திக் காடு, உப்பளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது கிடைத்தது சுமார் 1.526 கோடி எக்டேர், அதாவது 1,52,600 ச.கி.மீ. மட்டுமே. எல்லா வகை ஈரநிலங்களையும் கூட்டினாலும் ‘உள்நாட்டு நீர்’ என்று எழுதப்பட்ட எண்ணில் பாதிகூட வரவில்லை. ஆகவே 29,73,190 என்பதை ‘நனையாத இந்தியா’ என்று எவரும் அளந்து கண்ட எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது. நாடுகளை ஒரே அட்டவணைக்குள் ஒப்பிடுவதற்கான மரபெண் என்ற அளவில் அது பயன்படும்; ‘இந்தியாவின் பத்தில் ஒரு பங்கு நீர்’ என்று வகுப்பறையில் சொல்ல அது ஆதாரமாகாது.

## இரண்டாம் வழி: நிலமும் உள்நாட்டு நீரும்

ஐ.நா. மக்கள்தொகை ஆண்டேடு தரும் பரப்பளவு இந்த வகை. நிலமும், முக்கிய ஆறுகளும் ஏரிகளும் சேர்ந்தது, கடல் கிடையாது. இந்தியாவின் 32,87,263 இதைச் சேர்ந்தது. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இந்திய வன ஆய்வு நிறுவனமும் மாவட்டக் கையேடுகளும் ‘புவியியல் பரப்பு’ என்று எழுதுவதும் இதுவே.

இதன் பெரிய வலிமை நிலைத்தன்மை. எல்லைக்கோடு எங்கே என்பது தெரிந்தால் போதும். கோட்டுக்குள் எது நனைந்திருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. பைக்காராவிலும் குந்தாவிலும் மின்திட்டங்களுக்காக அணைகள் எழும்பியபோது புல்வெளிப் பள்ளத்தாக்குகள் நீருக்கடியில் போயின; நீலகிரி மாவட்டத்தின் பரப்பு அதனால் ஒரு சதுர மீட்டர்கூடக் குறையவில்லை. நிலத்தை மட்டும் எண்ணியிருந்தால் ஒவ்வோர் அணைக்கும் எண்ணைத் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

பலவீனம் இரண்டு. ஒன்று மேலே சொன்னது: ஏரிகள் நிறைந்த நாடுகளில் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். மற்றது, உள்நாட்டு நீர் எங்கே முடிந்து கடல் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி. சிலிகா, பழவேற்காடு, வேம்பநாடு போன்ற காயல்கள் எந்தப் பக்கம் என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்கிறது.

மீண்டும் நெதர்லாந்துக்கே போகலாம், ஏனெனில் ஒரே இடம் மூன்று வகைக்குள்ளும் மாறிப் போனதை அங்கே காணலாம். சாய்டர்சே என்பது வடகடல் உள்ளே புகுந்த வளைகுடா. 1932-இல் அதன் வாயை 30 கிலோமீட்டருக்கு மேல் நீளமான அணைக்கரை ஒன்றால் அடைத்தார்கள். கடலாக இருந்தது நன்னீர் ஏரியாயிற்று. பிறகு அந்த ஏரிக்குள் வரப்புக் கட்டி நீரை இறைத்து வெளியேற்றினார்கள். அவ்வாறு கிடைத்த நிலம் 1986 முதல் ஃபிளேவோலாந்து என்ற தனி மாகாணம். நாட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பிடி மண்கூட வரவில்லை. கடலை எண்ணாத கணக்கில், அணைக்கரை எழுந்தபோது இரண்டாம் வகைப் பரப்பு கூடியிருக்கும்; நீரை இறைத்தபோது முதல் வகைப் பரப்பு கூடியிருக்கும்; கடலையும் சேர்க்கும் மூன்றாம் வகையில் இரண்டு முறையும் எதுவும் மாறியிருக்காது.

## மூன்றாம் வழி: கடலையும் சேர்த்தல்

1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் பிராந்தியக் கடல் அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை, அதாவது சுமார் 22.2 கிலோமீட்டர் வரை நீளலாம். அடிக்கோடு என்பது பொதுவாகக் கடல் வற்றும்போது தெரியும் நீர்விளிம்பு; கரை மிகவும் வளைந்து நெளிந்தோ தீவுகள் நெருங்கியோ இருந்தால், முனைகளை இணைக்கும் நேர்கோடுகளை அடிக்கோடாக வரையவும் அனுமதி உண்டு. இந்தியா 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் 12 கடல் மைலை ஏற்றது. இந்தக் கடற்பகுதியில் நாட்டுக்கு இறையாண்மையே உண்டு என்பதால், அதைப் பரப்பளவில் சேர்ப்பது சட்டப்படி அபத்தமல்ல. 200 கடல் மைல் வரை செல்லும் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் வேறு. அங்கே வளங்களின் மேல் உரிமை மட்டுமே உண்டு என்பதால் அதைப் பரப்பளவில் சேர்க்கவே கூடாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அடிக்கோட்டுக்கு உட்புறம், நிலத்தின் பக்கமாக இருக்கும் கடல்நீரைக் கடல் சட்டம் ‘உள் நீர்’ என்கிறது. நேர்கோடுகளால் அடைபட்ட வளைகுடாக்கள் அதில் அடங்கும். புள்ளியியல் அட்டவணையின் ‘உள்நாட்டு நீர்’ என்பது ஏரியும் ஆறும். சட்ட ஆவணத்திலிருந்து ஓர் எண்ணையும் புள்ளியியல் ஏட்டிலிருந்து மற்றோர் எண்ணையும் எடுத்துக் கூட்டினால், சில இடங்கள் இரண்டு முறை எண்ணப்படும், சில விடுபடும்.

கோத்தகிரி ஆசிரியையின் கேள்விக்கு இனி வரலாம். சி.ஐ.ஏ.வின் உலகத் தகவல் ஏட்டில் 1996 வரை அமெரிக்காவின் மொத்தப் பரப்பு 93,72,610 ச.கி.மீ. என்று இருந்தது. 1997-இல் பேரேரிகளும் கரையோர நீரும் சேர்க்கப்பட்டு 96,29,091 ஆயிற்று. 2007-இல் பிராந்திய நீரும் சேர்க்கப்பட்டு 98,26,630 ஆயிற்று, பின்னர் 98,33,517. பத்தாண்டுக்குள் நான்கரை லட்சம் ச.கி.மீ., அதாவது தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம், எந்த நிலமும் வாங்கப்படாமலே சேர்ந்துவிட்டது. இதே காலத்தில் சீனாவின் எண் சுமார் 95,97,000 என்றே நின்றது; அதில் கடல் இல்லை.

பேரேரிகளின் அமெரிக்கப் பகுதி மட்டும் சுமார் 1,55,000 ச.கி.மீ. அவை நன்னீர் ஏரிகள். அவற்றைச் சேர்ப்பதில் தவறில்லை, 1996 வரை விட்டதே தவறு என்பேன். செசாபீக் வளைகுடா, பியூஜெட் சவுண்டு போன்ற கரையோரக் கடல்நீரும், திறந்த கடலின் பட்டையும் சேர்ந்ததில்தான் வழக்கு. அவற்றை நீக்கினால் அமெரிக்கா ஏறக்குறைய 95,25,000. சீனாவை விடச் சுமார் 70,000 குறைவு. நிலத்தை மட்டும் எடுத்தால் சீனா 93,26,410, அமெரிக்கா 91,47,593; அப்போதும் சீனாவே பெரியது. அமெரிக்கா முந்துவது, ஒருவருக்குக் கடலைக் கூட்டி மற்றவருக்குக் கூட்டாமல் விடும்போது மட்டுமே.

அந்தக் கூட்டலும் முழுமையான பிராந்தியக் கடல் அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கா 1988-இல் தன் பிராந்தியக் கடலை 12 கடல் மைலாக அறிவித்தது. ஆனால் அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் பரப்பளவில் சேர்ப்பது மாநில எல்லை வரையிலான நீரை. பெரும்பாலான மாநிலங்களுக்கு அது 3 கடல் மைல், டெக்சாஸுக்கும் புளோரிடாவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கத்துக்கும் ஏறக்குறைய 9 கடல் மைல். ஆகவே 98,33,517 என்பது நிலமுமல்ல, உள்நாட்டு நீரோடு நின்றதுமல்ல, சட்டப்படியான பிராந்தியக் கடல் முழுவதுமல்ல. உள்நாட்டில் மாநிலங்களை ஒப்பிட அது பொருந்தலாம். மற்ற நாடுகளோடு ஒப்பிடப் பொருந்தாது.

கனடாவைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் துலங்கும். கனடாவின் 99,84,670 ச.கி.மீ. நிலமும் நன்னீரும் மட்டுமே. சுமார் 12 லட்சம் ச.கி.மீ. கொண்ட ஹட்சன் விரிகுடாவைத் தன் உள் நீராகவே கனடா கருதினாலும் அந்த எண்ணில் அது இல்லை. கரைக்கு உள்ளடங்கிய கடல்நீரைச் சேர்க்கும் அமெரிக்க வழக்கத்தைக் கனடாவும் கைக்கொண்டால் அதன் பரப்பு ஒரு கோடியே பத்து லட்சத்தைத் தாண்டும். மறுபுறம், கனடாவின் நிலம் மட்டும் 90,93,507. அந்தக் கணக்கில் அது சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் பின்னே நான்காம் இடத்துக்கு இறங்குகிறது. முதலிடத்தில் ரஷ்யா அசையாது. அதற்கடுத்த மூன்று இடங்கள் முழுவதும் விதியைப் பொறுத்தவை. சுவர் அட்டைக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாம் வழி: ரஷ்யா, கனடா, சீனா, அமெரிக்கா.

தீவுகளில் மூன்றாம் வழி எல்லா விகிதங்களையும் குலைத்துவிடும். நடுக்கடலில் தனித்து நிற்கும் ஒரு சிறு பாறைக்கும் 12 கடல் மைல் பிராந்தியக் கடல் உண்டு. அதைச் சுற்றி வரையும் வட்டத்தின் பரப்பு சுமார் 1,550 ச.கி.மீ., அதாவது நீலகிரி மாவட்டத்தில் பாதிக்கும் மேல். இலட்சத்தீவின் நிலம் 32 ச.கி.மீ. மட்டும்; அதன் பிராந்தியக் கடல் சுமார் 20,000 ச.கி.மீ. என்று அதன் நிர்வாகமே கூறுகிறது. 2011-இல் அங்கு வாழ்ந்த 64,473 பேரை நிலத்தால் வகுத்தால் ச.கி.மீ.க்கு இரண்டாயிரத்துக்கும் மேல். கடலையும் சேர்த்து வகுத்தால் மூன்று பேர். வீட்டு மனை கிடைக்காமல் நெருக்கியடித்து வாழும் தீவு, எண்ணில் பாலைவனமாகிவிடும்.

ஆயினும் இந்த வழியே சரியாக இருக்கும் இடங்கள் உண்டு. மீன்பிடி ஒழுங்குமுறை, கடலோரக் காவல், கடல்சார் பாதுகாப்புப் பகுதிகளின் பங்கு ஆகியவற்றைப் பேசும்போது கடலை விட்டுவிட்டால் கணக்கே இல்லை. தமிழ்நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் செல்லுபடியாகும் களம் பிராந்தியக் கடல்தான். மாநிலத்தின் 1,30,060 ச.கி.மீ.க்குள் அந்தக் களத்தின் சுவடே இல்லை. சுவீடனும் பின்லாந்தும் இதைத் தெளிவாகச் செய்கின்றன: உள்ளாட்சி எல்லைகள் கடலுக்குள்ளும் நீள்வதால், நிலம், உள்நாட்டு நீர், கடல் என்று மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளில் வெளியிடுகின்றன. கூட்டிக்கொள்வது படிப்பவர் பாடு. எல்லா நாடுகளும் இப்படிச் செய்தால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

| நாடு | நிலம் மட்டும் (ச.கி.மீ.) | உள்நாட்டு நீருடன் | கடலும் சேர்ந்து |
|---|---|---|---|
| பின்லாந்து | சுமார் 3,04,000 | சுமார் 3,38,500 | சுமார் 3,91,000 |
| சுவீடன் | சுமார் 4,07,000 | சுமார் 4,47,000 | சுமார் 5,28,000 |
| அமெரிக்கா | 91,47,593 | சுமார் 95,25,000 | 98,33,517 (பகுதிக் கடல்) |
| கனடா | 90,93,507 | 99,84,670 | — |
| சீனா | 93,26,410 | சுமார் 95,97,000 | — |
| இந்தியா | 29,73,190 | 32,87,263 | — |
| இலங்கை | 62,705 | 65,610 | — |

## ஒரே மக்கள்தொகை, மூன்று அடர்த்திகள்

இந்தியாவின் 2011 மக்கள்தொகை 121,08,54,977. இதை 32,87,263-ஆல் வகுத்தால் ச.கி.மீ.க்கு 368 பேர். 29,73,190-ஆல் வகுத்தால் 407 பேர். கணக்கெடுப்பு அறிக்கையிலோ 382 என்று இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் இந்த எண்ணைக் கண்டு, கொஞ்சம் நீரைக் கழித்திருப்பார்கள் போலும் என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள்.

கழிக்கப்பட்டது நீரல்ல. ஜம்மு காஷ்மீரில் பாகிஸ்தானின் வசமுள்ள 78,114 ச.கி.மீ., அந்நாடு சீனாவுக்கு ஒப்படைத்த 5,180 ச.கி.மீ., சீனாவின் வசமுள்ள 37,555 ச.கி.மீ. ஆகியவை இந்தியாவின் அதிகாரப்பூர்வப் பரப்பில் அடங்கும். ஆனால் அங்கே கணக்கெடுப்பாளர்கள் சென்று தலைகளை எண்ணவில்லை. எண்ணப்படாத மக்களின் நிலத்தை வகுக்கும் எண்ணில் வைத்திருப்பது தவறு என்பதால் அந்த 1,20,849 ச.கி.மீ. கழிக்கப்பட்டது. மீந்தது 31,66,414, அதனால் வகுத்தால் 382 வருகிறது. இந்த 382-க்குள் நாட்டின் ஏரிகளும் அணைகளும் அப்படியே இருக்கின்றன.

ஆகவே நீலகிரியின் அடர்த்தியை நாட்டின் அடர்த்தியோடு ஒப்பிட விரும்புபவர் 382-ஐ எடுக்க வேண்டும். மாவட்டத்தின் 287 என்ற எண், 7,35,394 பேரை 2,565 ச.கி.மீ.யால் வகுத்து வந்தது. அதில் நீர்த்தேக்கங்கள் எல்லாம் உண்டு. அதை 407-க்குப் பக்கத்தில் வைத்தால், நீர் சேர்ந்ததையும் நீர் நீங்கியதையும் ஒப்பிட்டதாகிவிடும். மலை இருப்பதைவிட அதிகமாக ஆளரவம் குறைந்த இடமாகத் தோன்றும்.

கூடலூர் வாசகரின் காட்டுக் கேள்விக்கும் இதே சாவிதான். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கை 7,15,343 ச.கி.மீ. காட்டுப் போர்வையைப் புவியியல் பரப்பால் வகுத்து 21.76 விழுக்காடு என்கிறது. உணவு வேளாண் அமைப்பின் 2020 மதிப்பீடு சுமார் 7,21,600 ச.கி.மீ. காட்டை 29,73,190-ஆல் வகுத்து 24.27 விழுக்காடு என்கிறது. முதல் அறிக்கையின் காட்டையே இரண்டாவதன் வகுக்கும் எண்ணால் வகுத்துப் பாருங்கள், 24.06 வரும். இரண்டரை விழுக்காட்டு வேறுபாட்டில் ஏறக்குறைய முழுவதும் கீழே இருக்கும் எண்ணிலிருந்து வந்தது. மரங்களின் பங்கு அதில் மிகச் சிறிது. (எது காடு என்பதிலும் இரு அமைப்புகளுக்கும் வரையறை வேறு. சில்வர் ஓக் நிழல்மரங்கள் அடர்ந்த தேயிலைத் தோட்டம் ஒன்றில் காட்டுப் போர்வையாகத் தெரியலாம், மற்றதில் விளைநிலமாக நிற்கும். அது தனி விவகாரம்.)

## எப்போது எது

நாடுகளை அளவில் வரிசைப்படுத்தவும், பாடநூல், வினாத்தாள், சுவர் அட்டை போன்றவற்றுக்கும் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குன்னூர் தேர்வர் ‘இந்தியாவின் பரப்பளவு’ என்று மட்டும் கேட்கப்பட்டால் 32,87,263 என்று எழுதலாம். ‘நிலப்பரப்பு, நீர் நீங்கலாக’ என்று கேள்வியே சொன்னால் மட்டும் மற்றது. நாடுகளுக்கிடையே அடர்த்தியை ஒப்பிட முதல் வழி. ஆனால் எல்லா எண்களும் ஒரே அட்டவணையிலிருந்து வர வேண்டும். இந்தியாவுக்குள் மாவட்டங்களையும் மாநிலங்களையும் ஒப்பிடுவதாக இருந்தால் புவியியல் பரப்பை விட்டு நகராதீர்கள், ஏனெனில் நீரைக் கழித்த எண் எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே முறையில் கிடைப்பது அரிது. கடலைச் சேர்ப்பது, கடலைப் பற்றிப் பேசும்போது மட்டும். அப்போதும் கூட்டி ஓர் எண்ணாக்காமல் தனி நெடுவரிசையாக.

கையில் இருக்கும் அட்டவணை எந்த வகை என்பது எழுதப்படவில்லையென்றால், பின்லாந்து வரிசையைப் பாருங்கள். 3,04,000-ஐ ஒட்டி இருந்தால் நிலம் மட்டும். 3,38,000-ஐ ஒட்டி இருந்தால் உள்நாட்டு நீரும் உண்டு. 3,91,000-ஐ ஒட்டி இருந்தால் கடலும் உண்டு. அடுத்து அமெரிக்காவைப் பாருங்கள். பின்லாந்து 3,38,000 என்றும் அமெரிக்கா 98 லட்சம் என்றும் ஒரே நெடுவரிசையில் இருந்தால், தொகுத்தவர் ஒவ்வொரு நாடும் கொடுத்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார் என்று பொருள். அந்த நெடுவரிசையிலிருந்து ஒரு நாட்டின் எண்ணைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். வரிசைப்படுத்தவோ ஒன்றை மற்றொன்றால் வகுக்கவோ அதைப் பயன்படுத்தக் கூடாது.